அமிழ்வு நிற்கும் புள்ளி

மென்களிமண்மேல் சாலைக்காக மண்மேடு எழுப்பினால் அடித்தரை மாதக்கணக்கில் அமிழும். கடைசியில் எவ்வளவு இறங்கி நிற்கும்? 1978இல் ஜப்பானின் அகிரா அசவோகா இதைக் கணிக்க வெளியிட்ட வழியின் எளிமை எனக்கு இன்றும் வியப்புதான். களிமண்ணிலிருந்து நீர் எவ்வளவு வேகமாக வடியும் என்ற கணக்குகூட அதற்கு முன்கூட்டித் தேவையில்லை.

மேட்டின் அடியில் பதித்த தகட்டின் மட்டத்தைச் சம இடைவெளியில் அளக்க வேண்டும். அமிழ்வு மாதந்தோறும் 40, 58, 70.6, 79.4 செ.மீ. என்று வருவதாகக் கொள்வோம். ஒவ்வொரு அளவுக்கும் முந்தைய மாத அளவைக் கிடை அச்சிலும், அந்த மாத அளவை நெடு அச்சிலும் குறித்தால், புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் விழுகின்றன. அக்கோட்டை நீட்டினால் 45 பாகைக் கோட்டை 100 செ.மீ.யில் வெட்டும். அங்கே இந்த மாத அளவும் சென்ற மாத அளவும் ஒன்றே. அதாவது, தரை நின்றுவிட்டது. வளைகோட்டை ஊகித்து நீட்டும் வேலையை, அளவுகோல் வைத்து நேர்கோடு இழுக்கும் வேலையாக மாற்றியதே இதன் அழகு.

ஆனால் மண் கொட்டி முடித்து, சுமை மாறாதிருக்கும் நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். நடுவில் மண் சேர்த்தால் கோடு இடம்பெயரும். இடைவெளி மிகக் குறைந்தால் புள்ளிகள் 45 பாகைக் கோட்டை ஒட்டியே கிடக்கும். அப்போது சிறு அளவைப் பிழையும் வெட்டுப்புள்ளியை வெகுதூரம் தள்ளிவிடும். நீர் வடிந்தபின் தொடரும் மெதுவான அமிழ்வு இந்த 100இல் அடங்காது. அதைத் தனியே கணக்கிட வேண்டும்.