கனித்தட்டும் கைவிசேடமும்

சித்திரை முதல் நாள் காலையில் கோயம்புத்தூர்க்காரர்களின் வாட்ஸ்அப்பில் தவறாமல் வந்து நிற்கும் படம் ஒன்று உண்டு: புலியகுளம் முந்தி விநாயகரின் பழ அலங்காரம். கோயிலுக்கே போகாதவர்கள்கூட அதை அனுப்புவார்கள். ஒரே படம் பத்துப் பேரிடமிருந்து வந்தால், யார் அனுப்பியது என்பது மனதில் நிற்காது.

இத்தனைக்கும் கொங்கு வீடுகளில் அந்த நாள் மிகவும் சொந்தமானது. முந்தின இரவே தட்டில் மா, பலா, வாழை, வெற்றிலை பாக்கு, நகை, பணம் எல்லாம் அடுக்கி, பின்னால் கண்ணாடியைச் சாய்த்து வைப்பார்கள். காலையில் கண் விழித்ததும் முதலில் பார்ப்பது அந்தக் கனியைத்தான். பிறகு பெரியவர்கள் சின்னவர்களுக்குக் காசு கொடுப்பார்கள்.

யாழ்ப்பாணத்திலும் பெரியவர்கள் காசு கொடுக்கிறார்கள், பெயர் கைவிசேடம். ஆனால் அங்கே அதற்கு நேரம் குறித்திருக்கிறது. வருடம் பிறக்கும் நாழிகை, மருத்துநீர் வைத்துக் குளிக்கும் புண்ணிய காலம், உடுக்க வேண்டிய நிறம், கைவிசேட நேரம் எல்லாவற்றையும் பஞ்சாங்கம் சொல்லிவிடும். வாக்கியப் பஞ்சாங்கம் ஒரு நேரம் சொல்லும், திருக்கணிதம் வேறு நேரம் சொல்லும். எதைப் பின்பற்றுவது என்பது வீட்டு வழக்கம். அந்த நேர அட்டவணையைப் படமாக எல்லோரும் எல்லோருக்கும் அனுப்புகிறார்கள். யாரும் சலித்துக்கொள்வதில்லை. அது வாழ்த்து அல்ல, தேவையான தகவல்.

இரண்டு ஊருக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். யாழ்ப்பாண வழக்கத்தில் வாழ்த்துக்கு நேரமும் திசையும் உண்டு: இளையவர் மூத்தவரைத் தேடிப் போக வேண்டும், கைவிசேடம் மூத்தவர் கையிலிருந்து வர வேண்டும். ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருப்பவருக்கு அது முடியாது. எனவே அவர் எழுதும் வாழ்த்து, போக முடியாததைச் சொல்லியே தொடங்குகிறது: “சித்தப்பா, வருசம் பிறந்திட்டுது. இந்த முறை உங்கட கையால கைவிசேடம் வாங்கக் குடுத்து வைக்கேல்லை. மருத்துநீர் வைச்சனீங்களோ?” இதை இன்னொருவருக்கு அப்படியே அனுப்ப முடியாது. சித்தப்பாவுக்கு மட்டுமே பொருந்தும்.

கொங்கில் நேரமும் திசையும் தளர்ந்துவிட்டன. யாரும் யாருக்கும் எப்போதும் அனுப்பலாம் என்று ஆனதும் வாழ்த்து பொதுவாகிப் போனது. வாட்ஸ்அப்பில் ஒரு பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேரைச் சேர்க்கலாம். அவர்கள் நம் எண்ணைச் சேமித்திருந்தால் தனிச் செய்தி போலவே போய்ச் சேரும், மேலே Forwarded என்ற குறியும் இருக்காது. இருந்தாலும் வாங்குபவருக்குத் தெரிந்துவிடும். “உங்களுக்கும் உங்கள் குடும்பத்தார் அனைவருக்கும்” என்று தொடங்கும், பெயர் இருக்காது, முறை சொல்லிக் கூப்பிட்டிருக்காது, கீழே கடைப் பெயர் இருக்கும். பதில் எழுத அதில் ஒன்றும் இல்லாததால், கும்பிடும் கை ஒன்றோடு முடிந்துவிடும்.

யாழ்ப்பாணத்தில் நேரம் செய்யும் வேலையை இங்கே விசாரிப்பு செய்ய வேண்டும். பொள்ளாச்சியில் தோப்பு வைத்திருக்கும் தாய்மாமனுக்கு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். “மாமாங்க, கனி பாத்தாச்சுங்களா? போன மாசம் தென்னைக்குத் தண்ணி பத்தலைன்னீங்களே, இப்ப எப்படிங்க? அத்தை முட்டி வலி தேவலையா? ஞாயித்துக்கிழமை வர்றனுங்க.” முறை, அவர் வாயால் சொன்ன ஒரு விஷயம், அடுத்து நடக்கப் போவது, இந்த மூன்றும் போதும். “நலமும் வளமும் பெருகட்டும்” என்ற வரி எங்கும் இல்லை, ஆனாலும் மாமன் பதில் போடுவார். படம் வேண்டுமென்றால் கோயில் அலங்காரத்தை விட்டு, நம் வீட்டுக் கனித்தட்டையே எடுத்து அனுப்பலாம். கண்ணாடியில் அம்மா முகம் தெரிந்தால் இன்னும் நல்லது.

ஒன்று மட்டும் கவனம்: வரமாட்டோம் என்றால் ஞாயிற்றுக்கிழமையை எழுதக் கூடாது. தண்ணீர்ப் பிரச்சினை நினைவில்லை என்றால் பொதுவாக “விவசாயம் எப்படி” என்று கேட்பதும் வேண்டாம். அது மறுபடி சுற்றறிக்கை ஆகிவிடும். அப்படிப்பட்டவருக்குப் போன் போட்டுப் பேசுவது மேல்.

எழுத உட்காரும் முன் பட்டியலை ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். கடந்த ஓராண்டுக்குள் சாவு விழுந்த வீடு இரு ஊரிலும் பண்டிகை கொண்டாடாது. மொத்தமாக அனுப்பும் வாழ்த்து பெரும்பாலும் புண்படுத்துவது அங்கேதான். அந்த வீட்டுக்கு வாழ்த்து வேண்டாம். “பெரியம்மா, இன்னிக்கு உங்களைத்தான் நினைச்சேனுங்க, சாயங்காலம் கூப்பிடறேன்” என்றால் போதும். புதிதாகக் கல்யாணம் ஆன ஜோடிக்கு இது முதல் சித்திரை. அவர்களுக்கு இருவர் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும்.

இப்படி எழுதினால் ஒரு காலையில் இருபது முப்பது பேருக்கு மேல் முடியாது. மீதிப் பேருக்கு வாழ்த்து போகாததால் யாரும் கோபிக்கப் போவதில்லை. அந்தப் பழ அலங்காரம் எப்படியும் வேறு யார் மூலமாவது அவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.