ஜெர்மன் பேரமும் அதற்கு வெளியே நிற்பவர்களும்

முதலாளித்துவம் எல்லா நாட்டிலும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டதல்ல என்ற கருத்துக்கு, 2001இல் பீட்டர் ஹால், டேவிட் சோஸ்கிஸ் இருவரும் பதிப்பித்த ‘முதலாளித்துவத்தின் வகைகள்’ என்ற நூல் திட்டமான வடிவம் கொடுத்தது. அமெரிக்கா, பிரிட்டன் போன்ற தாராளச் சந்தைப் பொருளாதாரங்களில் நிறுவனங்கள் போட்டியையும் ஒப்பந்தத்தையும் நம்பியே இயங்குகின்றன. ஜெர்மனி போன்ற ஒருங்கிணைந்த பொருளாதாரங்களில் முதலாளிகள் சங்கம், தொழிற்சங்கம், வங்கி ஆகியவை தமக்குள் பேசி முடிவெடுக்கின்றன.

அரசியல் கூட்டணிகள் வேறுபடுவதற்கு இந்த ஆய்வாளர்கள் காட்டும் முக்கியக் காரணம் தொழில்திறன். ஜெர்மன் இளைஞர் பெரும்பாலும் மூன்று, மூன்றரை ஆண்டுகள் தொழிற்சாலையிலும் தொழிற்பள்ளியிலுமாகப் பயிற்சி பெறுகிறார். அந்தத் திறனுக்கு வேறு துறையில் மதிப்புக் குறைவு. வேலை போனால் எல்லாம் போய்விடும் என்றிருந்தால் யாரும் அதைக் கற்க மாட்டார்கள். ஆகவே பணிப்பாதுகாப்பைத் தொழிலாளியோடு முதலாளியும் சேர்ந்தே ஆதரிக்கிறார். எங்கும் செல்லுபடியாகும் பொதுக்கல்வியோடு வேலை தேடும் அமெரிக்கருக்கோ, அவரை எளிதில் மாற்றிக்கொள்ளும் நிறுவனத்துக்கோ அந்தப் பொதுநலன் இல்லை. அங்கே நடுத்தர வாக்காளர் நலத்திட்டத்தைத் தமக்கான காப்பீடாக அல்ல, வரிச்சுமையாகவே பார்க்கச் சாய்கிறார்.

இந்த விளக்கம் 2009 நெருக்கடியில் நன்றாகவே பொருந்தியது. ஜெர்மன் உற்பத்தி ஐந்து சதவீதத்துக்கும் மேல் சரிந்தும் வேலையின்மை பெரிதாக உயரவில்லை. அமெரிக்காவில் அது அக்டோபரில் 10 சதவீதத்தை எட்டியது. ஆட்களை நீக்காமல் ஜெர்மன் நிறுவனங்கள் வேலைநேரத்தைக் குறைத்தன. இழந்த நிகர ஊதியத்தில் 60 சதவீதத்தை, குழந்தை உள்ளவர்களுக்கு 67 சதவீதத்தை, அரசின் வேலைவாய்ப்பு முகமை ஈடுகட்டியது. மெர்க்கெலின் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியும் சமூக ஜனநாயகக் கட்சியும் கூட்டாக ஆண்ட காலம் அது. முதலாளிகளும் உலோகத் தொழிலாளர் சங்கமும் ஒரே குரலில் கேட்டதால் இந்த ஈட்டுத் திட்டத்தை நீட்டிப்பது எளிதாயிற்று.

ஆனால் அதே ஆண்டில் முகமைகள் வழியே வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள்தான் முதலில் வெளியே அனுப்பப்பட்டார்கள். 2003 முதல் ஷ்ரோடர் அரசு கொண்டுவந்த சீர்திருத்தங்கள் அவர்களை அமர்த்துவதைத் தளர்த்தியிருந்தன. நிரந்தரத் தொழிலாளியின் பாதுகாப்புக்கு இந்தத் தற்காலிகர்களே அதிர்வுதாங்கிகள். கேத்லீன் தெலன் போன்ற ஆய்வாளர்கள் இந்த இரட்டைத்தன்மையைச் சுட்டிக்காட்டினார்கள். தொடக்ககால நூல்களிலோ ‘தொழிலாளர்’ என்ற சொல் பெரும்பாலும் திறன்பெற்ற ஆலைத் தொழிலாளரையே குறித்தது. கடைச் சிப்பந்தியும் துப்புரவுப் பணியாளரும் அதில் அடங்கவில்லை. ஏற்றுமதித் துறையின் வலுவான சங்கங்களே நாடு தழுவிய குறைந்தபட்ச ஊதியத்துக்குத் தொடக்கத்தில் தயக்கம் காட்டின. மணிக்கு 8.50 யூரோ என்று அது 2015இல்தான் நடைமுறைக்கு வந்தது.

இந்தப் பிளவு கட்சிகளையும் மாற்றியது. சமூக ஜனநாயகக் கட்சியின் அதிருப்தியாளர்கள் ஒரு பகுதியினர் 2007இல் உருவான இடதுசாரிக் கட்சிக்குச் சென்றார்கள். 2009 தேர்தலில் தாய்க்கட்சி 23 சதவீத வாக்கோடு, போருக்குப் பின் அதுவரை கண்டிராத தாழ்நிலைக்கு இறங்கியது. நிறுவனங்கள் தமக்கேற்ற கூட்டணியை நிலைநிறுத்தும் என்று கொள்ளும் கோட்பாடு, அந்தக் கூட்டணியே தன் ஆதரவாளர்களைப் பிரித்துவிடுவதற்கு இடம்வைக்கவில்லை.