கூம்பு ஏன் பாதி இல்லை?

வாயளவும் உயரமும் ஒத்த ஒரு கூம்பையும் உருளையையும் வைத்து, கூம்பால் மூன்று முறை தண்ணீர் மொண்டு ஊற்றினால் உருளை நிரம்பும் என்று பள்ளியில் காட்டுவார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது நிரூபணம் ஆகாது. சுவரில் ஒட்டுவதும் விளிம்பில் சிந்துவதும் போக, பங்கு 0.33 தானா, 0.335 ஆக இருக்கக்கூடாதா என்பதை அந்தத் தண்ணீரால் தீர்த்துச் சொல்ல முடியாது. அதைவிடப் பெரிய குறை, ஏன் மூன்று என்ற கேள்விக்கு அதில் பதிலே இல்லை. உள்ளுணர்வைக் கேட்டால் அது பாதி என்றுதான் சொல்லும். இரண்டையும் நடுவே நெடுக்காக வெட்டினால் உருளையில் செவ்வகமும் கூம்பில் முக்கோணமும் தெரிகின்றன. முக்கோணம் செவ்வகத்தில் பாதிதானே? இப்படித் தோன்றுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முக்கோண அடி கொண்ட பிரமிடின் கன அளவுக்கு ஆரியபடீயமே அடிப்பரப்பையும் உயரத்தையும் பெருக்கிப் பாதியாக்கச் சொல்கிறது. பிரம்மகுப்தர் 628-இல் எழுதிய நூலில்தான் மூன்றில் ஒரு பங்கு என்ற சரியான விதி வருகிறது.

இந்தப் பாதியை வீழ்த்தும் வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. கூம்பின் உயரத்தை நுனியிலிருந்து 10 சம பங்காகப் பிரித்துக் கிடையாக வெட்டுவோம். ஆரம் உயரத்தோடு நேர் விகிதத்தில் வளர்வதால், நுனியிலிருந்து மூன்றாவது வெட்டில் அது அடி ஆரத்தில் 3/10; ஆகவே வட்டத்தின் பரப்பு அடிப்பரப்பில் 9/100. கணக்கின் உயிர் இங்கே இருக்கிறது: நீளம் சீராக வளரும்போது பரப்பு அதன் வர்க்கமாக வளர்கிறது. இனி ஒவ்வொரு துண்டுக்கும் பதிலாக, அதன் அகன்ற முகத்தின் அளவுள்ள வட்டத்தட்டு ஒன்றை வைப்போம். தட்டின் தடிமன் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு. உருளையின் கன அளவை 1000 என்று கொண்டால், தட்டுகளின் கன அளவு 1, 4, 9 என்று தொடங்கி 100 வரை போகும், கூட்டுத்தொகை 385. கூம்பு இந்த அடுக்குக்குள் அடங்கியிருப்பதால் அதன் பங்கு 385-ஐ விடக் குறைவு. பாதியாகிய 500 இந்தப் பத்துத் தட்டுகளிலேயே அடிபட்டுப்போகிறது! குறுகிய முகத்தின் அளவில் தட்டுகளை வைத்தால், கூம்புக்குள் அடங்கும் அடுக்கு 285 ஆகிறது. தட்டுகளை நூறாக்கினால் கூம்பு 0.32835-க்கும் 0.33835-க்கும் இடையே சிக்குகிறது. n தட்டுகளுக்கு, 1 முதல் n வரையான எண்களின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை n(n+1)(2n+1)/6 என்ற சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தால், வெளி அடுக்கு எப்போதும் மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேலும் உள் அடுக்கு சற்றுக் கீழும் நிற்கும்.

எத்தனை தட்டு வைத்தாலும் படிக்கட்டு படிக்கட்டுதான், அது கூம்பாகாது. ஆகவே விடையும் தோராயமே என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்பு. ஆனால் படிக்கட்டு கூம்பாக வேண்டிய தேவையே இங்கு இல்லை. உள் அடுக்கு என்பது வெளி அடுக்கில் அடித்தட்டை மட்டும் நீக்கியது. எனவே இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மிகச் சரியாக உருளையில் 1/n. மூன்றில் ஒன்று என்ற எண்ணும் கூம்பின் உண்மையான பங்கும் எப்போதும் இந்த இடைவெளிக்குள்ளேயே இருக்கின்றன. இரண்டும் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வேறுபடுகின்றன என்று யாராவது சொன்னால், இருபது லட்சம் தட்டுகள் போதும். இடைவெளி அந்த வேறுபாட்டைவிடச் சிறிதாகி, அவர் சொன்னது பொய்யாகிவிடும். எவ்வளவு சிறிய வேறுபாட்டைச் சொன்னாலும் இதே கதிதான். ஆகவே வேறுபாடே கிடையாது. இந்த முடிவை நிரூபணமின்றி முதலில் சொன்னவர் டெமாக்ரிடஸ், நிரூபித்தவர் யூடாக்சஸ் என்று ஆர்க்கிமிடீஸ் எழுதியிருக்கிறார். யூக்ளிடின் பன்னிரண்டாம் நூலில் தட்டுகளுக்குப் பதில் பிரமிடுகள் வருகின்றன. இடைவெளியை நெருக்கி மறுதரப்பை முரணில் நிறுத்தும் தர்க்கம் ஒன்றே.

அப்படியானால் முக்கோணம் பாதி என்ற வாதம் எங்கே சறுக்கியது? செவ்வகம் சுழன்று உருளை பிறக்கிறது, செங்கோண முக்கோணம் சுழன்று கூம்பு பிறக்கிறது. அச்சுக்கு அருகிலுள்ள புள்ளி சிறிய வட்டம் போடும், தூரத்துப் புள்ளி பெரிய வட்டம் போடும். செவ்வகத்தின் பரப்பு மையம் அச்சிலிருந்து ஆரத்தில் பாதித் தொலைவில் இருக்க, முக்கோணத்தின் மையமோ மூன்றில் ஒரு பங்குத் தொலைவில்தான் இருக்கிறது. பரப்பு பாதி, சுற்றும் தூரம் மூன்றில் இரண்டு. பெருக்கினால் மூன்றில் ஒன்று. உள்ளுணர்வு பரப்பைச் சரியாகவே எண்ணியது, சுற்றும் தூரத்தை எண்ண மறந்துவிட்டது.

முடிவில்லாமல் நெருக்கும் இந்த வேலையைத் தவிர்த்து, முக்கோணத்தைப் போல வெட்டி ஒட்டி முடித்துவிடக் கூடாதா என்றும் கேட்கலாம். வளைந்த கூம்பை விடுங்கள், தட்டையான முகங்கள் கொண்ட பிரமிடுக்கே அது பொதுவாக நடக்காது. ஒத்த அடியும் உயரமும் கொண்ட இரண்டு முக்கோணப் பிரமிடுகளில் ஒன்றைச் சில துண்டுகளாக வெட்டி மற்றொன்றாக எப்போதும் அடுக்கிவிட முடியுமா என்று 1900-இல் ஹில்பர்ட் கேட்டார். முடியாது என்று அவருடைய மாணவர் மாக்ஸ் டேன் விரைவிலேயே நிரூபித்தார்.