சொந்தப் பெயருக்கு ஏலம் கேட்பது: கூடுதல் விற்பனையா, வரவிருந்தவரின் வருகையா?

தேடுபொறியில் ஒரு நிறுவனத்தின் பெயரைத் தட்டுபவருக்கு முதலில் தெரிவது பெரும்பாலும் அந்நிறுவனமே பணம் கட்டி வைத்த விளம்பரம். அதற்குக் கீழே அதே நிறுவனத்தின் வலைத்தளம், கட்டணம் எதுவுமில்லாத இயல்பான தேடல் முடிவாக நிற்கிறது. இரண்டும் ஒரே பக்கத்துக்குத்தான் அழைத்துச் செல்கின்றன என்றாலும், மேலுள்ளதைத் தொட்டால் நிறுவனம் தேடுபொறிக்குப் பணம் தர வேண்டும், கீழுள்ளதைத் தொட்டால் தர வேண்டியதில்லை. தன் பெயரையே விளம்பரச் சொல்லாக வைத்து ஏலம் கேட்கும் இந்த வழக்கம், விளம்பர அறிக்கைகளில் பெரும்பாலும் மிக இலாபகரமான செலவாகவே தோன்றுகிறது. பெயரைத் தெரிந்து தேடுபவர் வாங்கும் எண்ணத்துடனேயே வருவதால், அவருடைய கொள்முதல் முழுவதும் விளம்பரத்தின் கணக்கில் எழுதப்படுகிறது. விளம்பரம் இல்லாதிருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்பதை அந்த அறிக்கை கேட்பதே இல்லை.

இந்தக் குறை எவ்வளவு பெரிதாகக்கூடும் என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் காட்டலாம். சேலம் வட்டாரத்தில் நெசவுத் தொழில் செழித்த ஜலகண்டாபுரத்தில், வலைத்தளம் வழியே பட்டுச் சேலை விற்கும் ஒரு கடைக்கு, அதன் பெயரைத் தேடி வருபவர்களில் நாளொன்றுக்கு 100 பேர் விளம்பரத்தையும் 60 பேர் இயல்பான முடிவையும் தொடுகிறார்கள் என்று கொள்வோம். ஒரு தொடுகைக்கு 4 ரூபாய் வீதம் நாளுக்கு 400 ரூபாய் செலவாகிறது. இருபது பேரில் ஒருவர் வாங்குவதாக வைத்தால், ஓர் ஆர்டருக்கு 80 ரூபாய் செலவு என்று அறிக்கை சொல்லும். விளம்பரத்தை நிறுத்திய நாட்களில் இயல்பான முடிவின் வழியாக மட்டும் 152 பேர் வந்துவிட்டார்கள் என்றால், விளம்பரம் உண்மையில் சேர்த்தது 8 பேரை மட்டுமே. அப்போது ஒரு கூடுதல் வருகையின் விலை 50 ரூபாய், ஒரு கூடுதல் ஆர்டரின் விலை 1,000 ரூபாய். சேலை ஒன்றில் 250 ரூபாய் மிஞ்சும் கடைக்கு இது இலாபமன்று, நட்டம்.

இது வெறும் கற்பனைக்கு உரிய அச்சமன்று என்பதை ஈபே நிறுவனம் 2012-ல் நடத்திய சோதனை நிறுவியது. அந்நிறுவனத்தில் பணியாற்றிய பொருளியலாளர்கள் தாமஸ் பிளேக், கிறிஸ் நோஸ்கோ, ஸ்டீவன் டடேலிஸ் ஆகியோர், ‘ஈபே’ என்ற பெயரைக் கொண்ட சொற்களுக்கான விளம்பரங்களை யாகூ, எம்எஸ்என் தேடல்களில் நிறுத்திவிட்டு, கூகுளில் தொடரவிட்டு ஒப்பிட்டார்கள். எம்எஸ்என்னில் இழந்த விளம்பர வருகையில் 99.5 விழுக்காடு உடனே இயல்பான முடிவுகளின் வழியே திரும்பி வந்தது. ஆய்வு 2015-ல் ‘எக்கனாமெட்ரிக்கா’ இதழில் வெளியானது. அதன் வலிமை முடிவில் மட்டுமன்று, முறையிலும் இருக்கிறது: விளம்பரத்தைத் தொட்டவரையும் தொடாதவரையும் ஒப்பிடாமல், விளம்பரம் இருந்த இடத்தையும் இல்லாத இடத்தையும் ஒப்பிட்டதால், ஏற்கெனவே வாங்க முடிவு செய்தவர் கணக்கைக் குழப்ப வழியில்லாமல் போயிற்று.

ஆனால் ஈபேயின் முடிவை எல்லாக் கடைக்கும் சட்டமாக்குவது இன்னொரு பிழை. ஈபே உலகறிந்த பெயர். அதைத் தட்டுபவர் வேறு விளம்பரத்தைக் கண்டு மனம் மாறுவது அரிது. ஆந்திரே சிமனோவ், நோஸ்கோ, ஜஸ்டின் ராவ் ஆகியோர் பிங் தேடலில் பல பெயர்களை ஆராய்ந்து 2018-ல் வெளியிட்ட ஆய்வு, போட்டியாளர் எவரும் விளம்பரம் செய்யாத பெயர்களில் சொந்த விளம்பரத்தின் பயன் மிகச் சிறிது என்றும், போட்டியாளர்கள் ஏலம் கேட்கும் பெயர்களில் உரியவர் ஒதுங்கினால் வருகையில் கணிசமான பங்கு அவர்களிடம் போய்விடுகிறது என்றும் காட்டியது. ஆகவே இவ்வழக்கத்தின் மதிப்பு முதன்மையாக அந்தப் பெயருக்குக் கீழே வேறு யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

தமிழ்நாட்டில் இந்தப் போட்டி நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ‘பாரத் மேட்ரிமனி’, ‘தமிழ் மேட்ரிமனி’ போன்ற பெயர்களில் திருமணத் தகவல் சேவை நடத்திய சென்னை நிறுவனமான கான்சிம் இன்ஃபோ, தன் பெயர்களைப் போட்டியாளர்கள் விளம்பரச் சொல்லாகப் பயன்படுத்த கூகுள் இடம் தருவதாகச் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. 2010-ல் நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் இடைக்காலத் தடை வழங்க மறுத்தார். அப்பெயர்களில் உள்ள சொற்கள் சேவையையே விவரிப்பவை என்பது முக்கியக் காரணமாயிற்று. டெல்லி உயர் நீதிமன்றமும் 2023-ல், பிறர் வணிகக்குறியை விளம்பரச் சொல்லாக வைப்பது மட்டுமே அத்துமீறல் ஆகாது, வாங்குபவரைக் குழப்பினால்தான் அது அத்துமீறல் என்ற நிலையை எடுத்தது. ஊர்ப் பெயரையும் பொருளின் பெயரையும் சேர்த்துக் கடைப்பெயர் வைப்பவர்கள் இதனால் இருமுனைத் தாக்குதலுக்கு ஆளாகிறார்கள்: அவர்கள் பெயரைத் தட்டுபவர் அவர்களைத்தான் தேடுகிறாரா, பொதுவாக அப்பொருளைத் தேடுகிறாரா என்பது தெளிவாகாது, போட்டியாளரை விலக்கச் சட்டமும் எளிதில் உதவாது. அப்படிப்பட்ட பெயரில் ஈபேயின் 99.5 விழுக்காட்டை எதிர்பார்ப்பது வீண்.

எனவே ஒவ்வொரு கடையும் தனக்காகச் சோதிக்க வேண்டியிருக்கிறது. அதில் எளிய வடிவம், வாரம் விட்டு வாரம் விளம்பரத்தை நிறுத்துவதும் தொடர்வதும், அல்லது சில மாவட்டங்களில் மட்டும் நிறுத்துவதும் ஆகும். எந்த வாரம், எந்த மாவட்டம் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிப்பது அவசியம். விற்பனை மந்தமான வாரத்தை நிறுத்தத்துக்கு ஒதுக்கினால் விளம்பரம் செய்யாத வேலைக்கும் புகழ் பெறும். ஆடித் தள்ளுபடி, தீபாவளி, முகூர்த்த நாட்கள் நெருங்கிய வாரங்கள் சோதனைக்கு ஏற்றவை அல்ல. அளக்க வேண்டியது விளம்பர அறிக்கை காட்டும் ஆர்டர் எண்ணிக்கையை அன்று. வாட்ஸ்அப், தொலைபேசி ஆர்டர்கள் உட்பட மொத்த விற்பனையையும், கூகுள் சர்ச் கன்சோல் காட்டும் இயல்பான பெயர்த் தேடல் வருகையையும் விளம்பரத் தொடுகைகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நடைமுறையில் அடிக்கடி தவறுவது வேறோரிடத்தில். பெயர்ச் சொல்லுக்கான விளம்பரத்தை மட்டும் நிறுத்தினால், அதே கணக்கில் ஓடும் தானியங்கி விளம்பரங்கள் அந்தத் தேடலைப் பிடித்துக்கொள்ளக்கூடும். அப்போது கடைக்காரர் விளம்பரத்தை நிறுத்தியதாக நினைத்திருக்க, விளம்பரம் வேறு வழியில் ஓடிக்கொண்டிருக்கும். அவற்றிலும் பெயரை விலக்கி, கடைப்பெயரைத் தட்டினால் விளம்பரம் உண்மையிலேயே மறைந்ததா என்று அதே மாவட்டத்திலிருந்து பார்த்த பிறகே எண்ணத் தொடங்க வேண்டும்.

சிறு கடைக்கு மிகப் பெரிய தடை எண்ணிக்கைதான். மேற்கண்ட கடையில் வாரத்துக்கு 56 ஆர்டர் வருகிறது; தற்செயலாகவே அது ஏழெட்டு ஆர்டர் கூடவோ குறையவோ செய்யும், தேடப்படும் விளைவோ 5 விழுக்காடு, அதாவது மூன்று ஆர்டருக்கும் குறைவு. இந்த அளவு மாற்றத்தை ஆர்டர்களைக் கொண்டு ஓரளவு நம்பிக்கையுடன் காண, விளம்பரம் உள்ள காலம், இல்லாத காலம் என ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 3,200 ஆர்டர் வேண்டும். அது பக்கத்துக்கு ஓராண்டுக்கும் மேல். வருகையை எண்ணினால் பக்கத்துக்கு மூன்று வாரங்களிலேயே அந்த எண்ணிக்கை கிடைத்துவிடும். ஆனால் வருகையில் காணும் மாற்றம் ஆர்டர்களில் பிரதிபலிக்குமா என்று உறுதிகூற வருகையால் இயலாது. ஆகவே சிறு கடையின் முடிவு எப்போதும் சற்று மங்கலாகவே இருக்கும் என்பதை ஏற்றுக்கொள்வதே நேர்மை.

சோதனை முடிந்தபின் வரும் இன்னொரு சிக்கல், குறுகிய காலச் சோதனைக்குத் தெரியாதது: மேல் இடம் காலியானதைப் போட்டியாளர் கவனிக்கச் சில வாரங்கள் ஆகலாம். நிறுத்திய மாதத்தில் நாளுக்கு 152 பேர் வந்த கடைக்கு அடுத்த காலாண்டில் 120 பேரே வரக்கூடும். விளம்பரத்தை நிறுத்தும் கடை, தன் பெயரைப் பல ஊர்களிலிருந்தும் மாதம் ஒருமுறை தேடிப் பார்த்து, அந்நியர் விளம்பரம் தோன்றிய ஊர்களில் மட்டும் குறைந்த தொகையில் ஏலத்தைத் திரும்பத் தொடங்கி, அவ்வூர்களில் சோதனையை மீண்டும் நடத்துவது தகும்.