ஒரே அளவுகோலில் கரிசல்

நாகலாபுரத்துக் கரிசலின் மண் பரிசோதனை அட்டவணையைப் பாருங்கள். கார அமில நிலை எட்டைச் சுற்றியே நிற்கும். சாம்பல் சத்து எக்டேருக்கு நூற்றுக்கணக்கான கிலோ. எந்தப் புஞ்சை எதோடு ஒத்தது என்று அப்படியே கணக்கிட்டால், சாம்பல் சத்து ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடும். அதனால் மூல எண்களைத் தொடாமல், பக்கத்தில் இரண்டு நெடுவரிசைகள் சேர்க்கிறோம்.

```
=(B2-MIN(B$2:B$6))/(MAX(B$2:B$6)-MIN(B$2:B$6))
=(B2-AVERAGE(B$2:B$6))/STDEV.P(B$2:B$6)
```

முதலாவது எல்லாவற்றையும் 0க்கும் 1க்கும் நடுவில் அடக்கும். இரண்டாவது, சராசரியிலிருந்து எத்தனை திட்டவிலக்கம் தள்ளி நிற்கிறது என்று சொல்லும். `$` விட்டுப்போனால் கீழே இழுக்க இழுக்க வரம்பும் நகர்ந்து, ஒவ்வொரு வரிக்கும் ஒரு கணக்காகிவிடும்.

B2 முதல் B6 வரை ஐந்து புஞ்சைகளின் சாம்பல் சத்து 300, 320, 340, 360, 880 என்று வைத்துக்கொள்வோம். முதல் கணக்கில் 880க்கு 1. மற்ற நான்கும் 0 முதல் 0.10 வரை நசுங்கிக் கிடக்கும். இரண்டாவதில் 880க்குச் சுமார் 1.99, 300க்கு −0.63, 360க்கு −0.36. நசுக்கல் இங்கும் உண்டு, ஏனென்றால் அந்த ஒற்றை எண் சராசரியையும் திட்டவிலக்கத்தையும் தன் பக்கம் இழுத்துவிட்டது. ஆனாலும் எந்தப் புஞ்சை முரண்டு பிடிக்கிறது என்பதைச் சட்டென்று காட்டிக்கொடுக்கும் இந்த அழகு எனக்கு மிகவும் பிடிக்கும். அடுப்புச் சாம்பல் கொட்டிய மூலையில் மண் அள்ளியிருந்தால் இப்படி வரலாம். அந்த ஒரு புஞ்சையில் மறுபடி மண் எடுத்துப் பார்த்துவிட்டே மற்ற நான்கையும் ஒப்பிட வேண்டும்.