கடிகாரத்தை வெட்டினால் கேள்வி மிஞ்சும்

அக்கா மகள் குரூப் 4 தேர்வுக்காக இணையத்தில் மாதிரித் தேர்வு எழுதிப் பழகுகிறாள். கேள்விகளைக் காகிதத்தில் வைத்துத் திரும்பப் படிக்க வேண்டும் என்றாள். அச்செடுக்கும் வசதி அந்தத் தளத்தில் இல்லை. 25 கேள்விகளை ஒன்பது ஸ்கிரீன்ஷாட்டுகளாக எடுத்து எனக்கு அனுப்பினாள்.

படத்திலுள்ள எழுத்தைப் படித்துத் தரும் டெசராக்ட் என்ற இலவச மென்பொருளில் அவற்றைப் போட்டுப் பார்த்தேன். இணையம் இல்லாமலே கணினியில் ஓடும். தமிழுக்கான தரவுக் கோப்பை மட்டும் தனியாகச் சேர்க்க வேண்டும். படத்தை அப்படியே கொடுத்தால், மேலே ஓடும் கடிகாரப் பட்டை, கீழே உள்ள 'முந்தையது', 'அடுத்தது' பொத்தான்கள் எல்லாம் கேள்விகளுக்கு நடுவே வந்து விழுகின்றன.

நேரம்போல் தெரியும் வரிகளை எல்லாம் நீக்கிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். '10:30க்குப் புறப்பட்ட ரயில்' என்று தொடங்கிய கணக்கும் சேர்ந்து போய்விட்டது. எல்லாப் படங்களிலும் திரும்ப வரும் வரியை நீக்கலாம் என்றால், கடிகாரம் படத்துக்குப் படம் வேறு எண்ணைக் காட்டுகிறது. எழுத்து மாறினாலும் அது நிற்கும் இடம் மாறுவதில்லை. பக்கத்தை உருட்டும்போது நகர்வது கேள்வி, நகராமல் நிற்பது பட்டை. பிரிக்க வேண்டியது இதை வைத்துத்தான்.

டெசராக்டின் tsv வடிவம் ஒவ்வொரு சொல்லும் படத்தில் எங்கே இருக்கிறது என்று சொல்லும். அதில் top என்ற பத்தியைப் பார்த்தேன். 1080x2400 படத்தில் மேலே 260 புள்ளி, கீழே 240 புள்ளி எப்போதும் அசையாத பகுதி. அதை வெட்டிய பிறகே படிக்கவைத்தேன்:

```
magick q1.png -crop 1080x1900+0+260 +repage c1.png
tesseract c1.png c1 -l tam+eng --psm 6
```

வெட்டுவதால் ஒன்றும் இழப்பதில்லை. பட்டைக்கு அடியில் மறைந்த வரி படத்திலேயே இல்லை. அதனால் படம் எடுக்கும்போதே கவனம் வேண்டும். ஒரு முழுத் திரை அளவுக்கு உருட்டாமல், கடைசிக் கேள்வி அடுத்த படத்திலும் முழுதாகத் தெரியும் அளவுக்கு மட்டும் உருட்டுங்கள். இரண்டு முறை வந்த கேள்வியை எண்ணைப் பார்த்து நீக்கிவிடலாம். எண் வரிசையில் இடைவெளி விழுந்தால் அந்தப் படத்தைத் திரும்ப எடுக்க வேண்டும். எனக்கு 16-க்கு அடுத்து 18 வந்தது. அவள் அந்த இடத்தில் வேகமாக உருட்டியிருந்தாள்.

விடைகளுக்கு முன்னுள்ள வட்டம் சில சமயம் O என்றோ பூஜ்யம் என்றோ வரும். வரியின் தொடக்கத்தில் தனியாக நிற்பதால் நீக்குவது எளிது. துணைக்காலும் 'ர'வும் இடம் மாறுவதைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும். 'பொருத்துக' கேள்விகளில் இரண்டு பத்திகளையும் ஒரே வரியாகச் சேர்த்துப் படித்துவிடுகிறது. அவற்றை எழுத்தாக மாற்றாமல் படமாகவே ஒட்டினேன்.

ஒரு வரிக் கேள்விகளுக்கு இந்த முறையைத் தயங்காமல் பயன்படுத்தலாம். பொருத்துக, வரைபடக் கேள்விகள் அதிகம் உள்ள தாள் என்றால் படங்களை வெட்டி அப்படியே அச்செடுப்பதே மேல்.