பச்சைக்காயும் உலர்காயும்: ஒரு கணக்கு நோட்டை ரசிப்பது எப்படி?

சாந்தன்பாறையில் ஏலக்காய் ஸ்டோர் பக்கம் போய்ப் பழகியவர்களுக்கு ஒரு கணக்கு மனப்பாடம். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்த்தினால் ஒரு கிலோ உலர்காய் கிடைக்கும். இதே கணக்கு போட்டித் தேர்வு வினாத்தாளில் வரும்போது, அதே ஊர்ப் பிள்ளைகளில் பலர் தடுமாறுவதைப் பார்க்கிறேன். கேள்வி இப்படி வரும்: 80 சதவீதம் நீர் உள்ள 100 கிலோ பச்சைக்காயை, நீர் 10 சதவீதம் ஆகும்வரை உலர்த்தினால் எடை எவ்வளவு?

எண்பதில் பத்தைக் கழித்து, 70 கிலோ நீர் போய்விட்டது, மீதி 30 கிலோ என்று கை தானாக எழுதிவிடும். விடைகளில் 30 நிச்சயம் இருக்கும். வினா எழுதியவர் அதற்காகவே வைத்திருப்பார். ஆனால் அந்த 80 சதவீதம் நூறு கிலோவில் எடுத்தது, 10 சதவீதமோ உலர்ந்த பிறகு உள்ள எடையில் எடுத்தது. அடிப்படை வேறான இரண்டு சதவீதங்களை ஒன்றிலிருந்து ஒன்று கழிக்க முடியாது.

நீரை விட்டுவிட்டுக் காயின் திடப்பகுதியைப் பாருங்கள். நூறு கிலோவில் 20 கிலோ திடம். எத்தனை மணி நேரம் சூடு காட்டினாலும் அந்த 20 கிலோ குறையாது. உலர்ந்த காயில் நீர் 10 சதவீதம் என்றால், திடம் 90 சதவீதம். 20 கிலோ என்பது 90 சதவீதம் என்றால் முழு எடை 20 × 100 ÷ 90, அதாவது சுமார் 22.2 கிலோ. ஸ்டோரில் சொல்லும் ‘ஐந்துக்கு ஒன்று’ கணக்குக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். திருப்பிக் கேட்டாலும் வழி இதுவே: 50 கிலோ உலர்காய் வேண்டுமென்றால் அதில் திடம் 45 கிலோ, பச்சையில் அது 20 சதவீதம், ஆகவே 225 கிலோ பச்சைக்காய் வேண்டும்.

ஒரு நல்ல கணக்கு நோட்டு இந்த இடத்தில்தான் தன்னைக் காட்டிக்கொள்ளும். சாதாரண நோட்டில் ‘உலர் பழக் கணக்கு’ என்று தலைப்பும், கீழே ஒரு சூத்திரமும் இருக்கும். நல்ல நோட்டில் சூத்திரத்துக்கு முன்னால் ஒரு வரி இருக்கும்: ‘மாறாதது: திடப்பொருள்.’ அந்த வரியை எழுதத் தெரிந்தவருக்குச் சூத்திரம் மறந்தாலும் கவலையில்லை, இரண்டு வரியில் அதை மீண்டும் உண்டாக்கிக்கொள்வார். அப்படி எழுதப்பட்ட நோட்டைப் படிக்கும்போது, தனித்தனியாகத் தெரிந்த பாடங்கள் ஒன்றோடொன்று சேர்வதைக் காணலாம். ரசிக்க வேண்டியது அதைத்தான்.

உதாரணமாக, விலை 25 சதவீதம் ஏறிவிட்டது, செலவு கூடக் கூடாது, உபயோகத்தை எவ்வளவு குறைக்க வேண்டும் என்ற கேள்வி. இங்கே மாறாதது செலவு. விலை 4 பங்கிலிருந்து 5 பங்கானது; பெருக்கல் மாறாமலிருக்க, அளவு 5 பங்கிலிருந்து 4 பங்காக வேண்டும். ஐந்தில் ஒன்று போகிறது, அதாவது 20 சதவீதம். கால் பங்கு ஏறினால் ஐந்தில் ஒன்று குறையும், மூன்றில் ஒன்று ஏறினால் நான்கில் ஒன்று குறையும். நோட்டில் இதற்கு ஒரே வரி போதும்: n-இல் ஒன்று ஏறினால், n+1-இல் ஒன்று இறங்கும்.

அடுத்த பாடத்துக்கு வாருங்கள். ஒரு ஜீப் வழக்கமான வேகத்தின் முக்கால் பங்கில் போய், 20 நிமிடம் தாமதமாகச் சேர்கிறது. வழக்கமான நேரம் என்ன? மாறாதது தூரம். வேகம் நாலில் ஒன்று குறைந்தால் நேரம் மூன்றில் ஒன்று கூடும். அந்த மூன்றில் ஒன்றுதான் 20 நிமிடம், ஆகவே வழக்கமான நேரம் 60 நிமிடம். விலைக் கணக்கும் ஜீப் கணக்கும் ஒரே கணக்கு என்று நோட்டில் அடுத்தடுத்து எழுதி வையுங்கள். கைடுகளில் இவை வெவ்வேறு அத்தியாயங்களில், வெவ்வேறு சூத்திரங்களோடு கிடக்கும்.

இனி எச்சரிக்கை. குறுக்குவழியைக் கெடுப்பது அவசரமல்ல, மாறாததைத் தவறாகப் பிடிப்பதுதான். போடிமெட்டு மலைப்பாதையில் ஒரு வண்டி மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏறி, அதே பாதையில் 30-இல் இறங்கினால் சராசரி வேகம் என்ன? மாறாதது தூரம். 60 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஏற 3 மணி, இறங்க 2 மணி, மொத்தம் 120-ஐ 5 மணி நேரத்தில், ஆகவே 24. அதே எண்களை வைத்து, முதல் ஒரு மணி நேரம் 20-இலும் அடுத்த ஒரு மணி நேரம் 30-இலும் போனது என்று கேட்டால் மாறாதது நேரம், விடை 25. இரண்டு கேள்விகளுக்கும் உள்ள வித்தியாசம் ‘அதே பாதையில்’, ‘ஒரு மணி நேரம்’ என்ற சொற்கள் மட்டும்தான். எனவே நோட்டில் அந்தச் சொற்களைச் சிவப்பு மையில் எழுத வேண்டும், எண்களை அல்ல.

இன்னொன்று, ஆட்கள் கணக்கு. 12 பேர் 10 நாளில் முடிக்கும் வேலையில், 4 நாளுக்குப் பிறகு 4 பேர் நின்றுவிட்டார்கள். மீதி வேலைக்கு எத்தனை நாள்? ஆளும் நாளும் பெருக்கினால் சமம் என்ற சூத்திரத்தைக் கண்ணை மூடிப் போட்டால் 120-ஐ 8-ஆல் வகுத்து 15 வரும், அதுவும் விடைப் பட்டியலில் இருக்கும். மாறாதது மொத்த வேலையான 120 ஆள்-நாள். அதில் 48 முடிந்துவிட்டது, மீதி 72, எட்டுப் பேருக்கு 9 நாள். ஒவ்வொரு வகைக்கும் கீழே இப்படி ஒரு ‘ஏமாற்றும் கேள்வி’ இல்லாத நோட்டு அரை நோட்டுதான் என்பது என் முடிவு.

எல்லா வகையும் இதில் அடங்கும் என்று சொல்லமாட்டேன். எண் தொடர், சுருக்குக, கடைசி இலக்கம் போன்றவற்றில் ‘மாறாதது எது’ என்ற கேள்வி உதவாது, அவற்றுக்கு வேறு பக்கம் ஒதுக்குங்கள். கூட்டு வட்டியில் ஒவ்வொரு ஆண்டும் தொகை மாறிக்கொண்டே போகும், பெருக்கும் மடங்கு மட்டும்தான் மாறாது. விலை 25 சதவீதம் ஏறி, செலவையும் 10 சதவீதம் கூட்டலாம் என்றால், ஐந்தில் ஒன்று என்ற வரி செல்லாது; 110-ஐ 125-ஆல் வகுத்துப் பார்த்தால் உபயோகம் 88 சதவீதம், குறைப்பு 12 மட்டுமே.

நம் பகுதிப் பிள்ளைகள் எழுதும் கேரள பிஎஸ்சி தேர்வுகளில் தவறான விடை ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு மதிப்பெண் கழியும். மூன்று பொறி விடைகளில் மாட்டினால், சரியாகப் போட்ட ஒரு கணக்கின் மதிப்பெண் போய்விடும். மலை இறங்கி டிஎன்பிஎஸ்சி குரூப் 4 எழுதுபவர்களுக்குக் கழிவு இல்லை. ஆனால் 200 கேள்விகளில் 25 கணக்கும் திறனறிவும், மூன்று மணி நேரம், ஒரு கேள்விக்குச் சராசரியாக 54 விநாடி. எதை எழுதினாலும், அடுத்த முறை ஒரு கைடையோ நண்பரின் நோட்டையோ புரட்டும்போது, சூத்திரத்துக்கு மேலே ‘மாறாதது’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அடுத்த பக்கம் போகும் முன் பென்சிலால் நீங்களே எழுதிவிடுங்கள்.